வேறு வாடிக்கையாளர் கணக்கில் ஏறிய ரசீது: திருத்தலாமா, ரத்து செய்யலாமா, ஜர்னல் போடலாமா?

தம்பி, 1024-ஆம் எண் வாடிக்கையாளர் கட்டிய 48,500 நம் புத்தகத்தில் 1042-இல் உட்கார்ந்திருக்கிறது. அதை எப்படி இடம் மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் கடைசியில் மொத்தத் தொகை ஒன்றுபோலத்தான் வரும். அதனாலேயே எதைச் செய்தாலும் சரி என்று தோன்றும். அப்படி இல்லை.

முதலில் நம் நிலவரத்தை எழுதிவிடுகிறேன். பணம் வங்கிக்கு வந்தது பிப்ரவரி 12. 1024-இன் பில் 318, தேதி ஜனவரி 3, தொகை 48,500. அதற்குத்தான் அவர்கள் கட்டினார்கள். 1042-க்கு அப்போது இரண்டு பில்கள் பாக்கி: டிசம்பர் 10 தேதியிட்ட பில் 301-க்கு 30,000, ஜனவரி 20 தேதியிட்ட பில் 340-க்கு 26,000. ரசீது தவறாக அங்கே ஏறியதும், பழைய பில்லை முதலில் கழிக்கும் நம் மென்பொருள் 301-ஐ முழுதாக முடித்துவிட்டு, மீதி 18,500-ஐ 340-இல் கழித்துவிட்டது. 1042-இன் பாக்கி வெறும் 7,500 என்று ஆகிவிட்டது. பிப்ரவரி வங்கிச் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. மாதத்தையும் மூடிவிட்டோம். இன்று மார்ச் 5. நாம் அனுப்பிய நினைவூட்டலைப் பார்த்துக் கோபப்பட்டு 1024 வங்கி ஆதாரத்தை அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இருப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது. வங்கிக் கணக்கு சரி, வாடிக்கையாளர்களிடம் வர வேண்டிய மொத்தமும் சரி. தொகையில் இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்று படித்திருப்பீர்கள். இங்கே இடம் மாறியது கணக்கு எண்ணில், அதனால் வித்தியாசமே விழவில்லை.

முதல் வழி, பழைய வவுச்சரைத் திறந்து வாடிக்கையாளர் எண்ணை மாற்றிச் சேமிப்பது. அரை நிமிட வேலை, தேதியும் சரியாக நிற்கும். பதிந்த அன்றே, வேறு யாரும் அந்த வவுச்சரை வைத்து எதுவும் செய்வதற்கு முன்பு கண்டுபிடித்தால் நானே அதைத்தான் செய்வேன். ஆனால் நம் வவுச்சரை வைத்துப் பிப்ரவரி அறிக்கை போய்விட்டது, 1042-க்கு ஸ்டேட்மென்ட்டும் போய்விட்டது. இப்போது மாற்றினால் அவர்கள் கையில் இருக்கும் காகிதமும் நம் புத்தகமும் ஒத்துப்போகாது. ஏன் என்று சொல்ல ஒரு பதிவும் இருக்காது. மாதத்தை மூடியிருப்பதால் மென்பொருளும் விடாது. திறந்து தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இரண்டாவது, ரசீதை ரத்து செய்து 1024-இல் புதிதாகப் பதிவது. வாடிக்கையாளர் பக்கம் பார்த்தால் இதுதான் சுத்தமான வழி. ரத்தானதும் 301, 340 இரண்டும் தங்கள் பழைய தேதியோடு மறுபடி திறந்துகொள்ளும். 1024-இல் உண்மையான ரசீதாகவே நிற்கும். சிக்கல் வங்கிப் பக்கத்தில். வங்கிப் புத்தகத்தில் மார்ச் 5 அன்று 48,500 வெளியே, 48,500 உள்ளே என்று இரண்டு வரி விழும். இரண்டுமே வங்கி ஸ்டேட்மென்ட்டில் கிடையாது. அடுத்த சரிபார்ப்பில் அந்த இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக் குறித்தால்தான் போகும்; இல்லையென்றால் மாதாமாதம் பாக்கிப் பட்டியலில் தொங்கும். அதைவிட மோசம், ரத்தை மார்ச் 5 தேதியிலும் புது ரசீதைப் பிப்ரவரி 12 தேதியிலும் போடுவது. மென்பொருள் அனுமதித்துவிட்டால், பிப்ரவரி முடிவு வங்கி இருப்பு 48,500 கூடிவிடும். முடிந்த சரிபார்ப்பு உடைந்துவிடும். வங்கிச் சரிபார்ப்பு இன்னும் நடக்காத மாதமாக இருந்தால் இந்த வழிக்கே என் ஓட்டு. நம்முடையது நடந்து முடிந்தது.

அதனால் மூன்றாவது, ஜர்னல். 1042-ஐ 48,500-க்குப் பற்று வைத்து, 1024-க்கு அதே தொகையை வரவு வையுங்கள். திசை குழம்பும் என்று பயந்தால் இப்படிப் பாருங்கள்: ரசீது 1042-இல் வரவாக ஏறியது, அதை நீக்க அங்கே பற்றுதான் வர வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் தவறு இரட்டிப்பாகும். 1042-இல் 97,000 வரவு நிற்கும், கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். போட்டதும் 1042-இன் பாக்கி 56,000 ஆகிறதா என்று பாருங்கள். ரசீது ஏறுவதற்கு முன்பு இருந்த எண் அது.

56,000 வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று பெரும்பாலானவர்கள் எழுந்து போவது இங்கேதான். நானும் ஒரு காலத்தில் போனேன். மூன்று மாதம் கழித்து வசூல் பிரிவில் இருந்தவர் என்னைத் தேடி வந்தார். 1042-இல் அந்த 56,000 எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பில் 340-இல் 7,500, மார்ச் 5 தேதியிட்ட ஜர்னல் பற்று 48,500. பில் 301 முடிந்ததாகவே காட்டும். உண்மையில் அது 85 நாள் பழைய பாக்கி. ஆனால் எந்தப் பாக்கி எத்தனை நாள் பழையது என்று காட்டும் வயதுப் பட்டியலில் இன்று பிறந்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும். அவர்களைத் துரத்த வேண்டிய நேரத்தில் நம் பட்டியல் துரத்தச் சொல்லாது. 1024-இலோ நேரெதிர்: பாக்கி பூஜ்யம்தான், ஆனால் பில் 318 திறந்தே இருக்கும், 48,500 வரவு அதன் பக்கத்தில் ஒட்டாமல் நிற்கும். நினைவூட்டல் பில்லைப் பார்த்துப் போகிற அமைப்பாக இருந்தால் அடுத்த வாரம் அவர்களுக்கு இன்னொன்று போகும்.

ஆகவே ஜர்னலுக்குப் பிறகு பில் பொருத்தத்தைக் கையால் மாற்ற வேண்டும். 1042-இல் அந்த ரசீதை 301, 340 இரண்டிலிருந்தும் பிரித்தெடுங்கள். பிரித்த ரசீதை ஜர்னல் பற்றோடு பொருத்துங்கள். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கண்ணில் படாமல் போய்விடும். இரண்டு பில்களும் பழைய தேதியோடு திரும்பி வரும். அப்புறம் 1024-இல் ஜர்னல் வரவை பில் 318-இல் பொருத்துங்கள். வயதுப் பட்டியலை மறுபடி எடுத்தால் 1042-இல் 85 நாளில் 30,000-மும் 44 நாளில் 26,000-மும் தெரிய வேண்டும். 1024 பட்டியலிலேயே வரக்கூடாது.

ஜர்னலின் ஒரே பெரிய குறை, அது தணிக்கையாளர் கண்ணை உறுத்தும். ஒரு வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிவிட்டு அடுத்தவர் பணத்தால் அதை மூடுகிற பழைய தந்திரத்திலும் இப்படித்தான் கணக்குக்குக் கணக்கு மாற்றம் தெரியும். அதனால் விளக்கத்தில் "தவறு திருத்தம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "12 பிப்ரவரி ரசீது, 1024 செலுத்தியது, 1042-இல் தவறாகப் பதிவு, பில் 318-க்கு மாற்றம்" என்று எழுதி, ரசீது எண்ணையும் சேர்த்து, 1024 அனுப்பிய வங்கி ஆதாரத்தை இணையுங்கள். ஒப்புதலை என்னிடம் கேட்காதீர்கள். பிப்ரவரி ரசீதுகளைப் பதிந்தது நீங்கள், சரிபார்த்தது நான். இரண்டிலும் சேராத ஒருவர்தான் கையெழுத்திட வேண்டும்.

1042-க்குப் போன பிப்ரவரி ஸ்டேட்மென்ட்டில் பாக்கி 7,500 என்று இருக்கிறது. திருத்திய ஸ்டேட்மென்ட்டை இரண்டு வரி விளக்கத்தோடு இன்றே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் 7,500-ஐக் கட்டிவிட்டு, கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.