சந்தா முடிந்தாலும் வங்கிப் பிடித்தம் முடியாது: தர்மபுரியில் நான் பட்டது

பாலக்கோட்டில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு ஆன்லைன் டியூஷனில் சேர்த்தோம். மாதம் 899 ரூபாய், ஒவ்வொரு 5ஆம் தேதியும் என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். வீட்டுக்கு வந்த ஆள் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அதைப் படித்துப் பார்க்கவில்லை.

மார்ச் மாதத்தோடு சந்தா முடிந்தது. முடிந்துவிட்டது என்று அவர்களே மெயிலும் அனுப்பினார்கள். ஆனால் ஏப்ரல் 5 அன்று 899 போனது, மே 5 அன்றும் போனது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஏழு நாளில் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை.

என் கணக்கு தர்மபுரியில் உள்ள ஒரு கிளையில் இருக்கிறது. பஸ் ஏறிப் போய், இந்தப் பிடித்தத்தை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் வாங்கிக்கொண்டார், அதற்கு ஒரு கட்டணமும் பிடித்தார்கள். ஜூனில் பணம் போகவில்லை. நிம்மதியாக இருந்தேன். ஜூலை 5 அன்று மறுபடி 899 போயிருந்தது.

விஷயம் இதுதான். நான் கேட்டது 'நிறுத்தம்'. அவர்கள் அதை 'ஸ்டாப் பேமென்ட்' என்று பதிந்து, ஜூன் தவணையை மட்டும் தடுத்திருக்கிறார்கள். நான் கேட்டிருக்க வேண்டியது 'மேண்டேட் கேன்சல்'. அதாவது பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுத்த அனுமதியையே ரத்து செய்வது. சந்தா எனக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருப்பது. மேண்டேட் வங்கியின் பதிவில் தனியாக உயிரோடு இருப்பது. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக முடியாது.

திரும்பப் போய்க் கேட்டபோது வேறொருவர், "அம்மா, இதை கம்பெனிதான் ரத்து பண்ணணும், எங்க கையில இல்ல" என்றார். நம்பிவிட்டேன். கணக்கில் காசு இருந்தால்தானே எடுப்பார்கள் என்று ஐம்பது ரூபாயை விட்டுவிட்டு மீதியை எடுத்துவிட்டேன். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். ஆகஸ்ட் 5 அன்று பணம் இல்லாமல் திரும்பியதற்கு வங்கி போட்ட அபராதம் 250, வரியோடு 295 ரூபாய். ஒரு வாரத்தில் கம்பெனி மறுபடி கேட்டது, மறுபடி 295. பதினைந்தாம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்ததும் அதிலிருந்து 590 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். கணக்கில் ஏற்கெனவே இருந்த ஐம்பதோடு 460 ரூபாய்தான் மிஞ்சியது. அந்தப் பணத்தை நம்பித்தான் மளிகைக் கடையில் கடன் சொல்லியிருந்தேன்.

அன்று ராத்திரிதான் பழைய மெயிலில் கிடந்த அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தேன். முடிவுத் தேதி 2053. அதிகபட்சத் தொகை என்ற இடத்தில் 899 இல்லை, 5,000 என்று இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு மேல் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த அனுமதியை ரத்து செய்ய கம்பெனியிடமோ, கணக்கு இருக்கும் வங்கியிடமோ தெரிவிக்க எனக்கு உரிமை உண்டு. வங்கியிடமோ! எங்கள் கையில் இல்லை என்று சொன்ன அதே வங்கிதான்.

மறுநாள் அந்தப் படிவத்தை அச்செடுத்து எடுத்துக்கொண்டு மேலாளரையே பார்த்தேன். கணக்கு எண்ணை வைத்து, உயிரோடு இருக்கும் மேண்டேட்களைத் திரையில் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் யூஎம்ஆர்என் என்று இருபது எழுத்தில் ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் குறித்து, "இந்த மேண்டேட்டை ரத்து செய்யவும்" என்று இரண்டு பிரதி எழுதினேன். ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த முத்திரை இல்லாமல் கிளையை விட்டு வராதீர்கள். முதல் தடவை நான் வெறுங்கையோடு வந்ததால்தான் என்ன கேட்டேன் என்று காட்ட வழியில்லாமல் போனது.

நான்கு நாள் கழித்துப் போய், ரத்தானதாகத் திரையில் காட்டுவதைப் பார்த்தேன். செப்டம்பர் 5 அன்று பாஸ்புக்கில், இந்தப் பிடித்தத்தைக் காட்டும் ACH என்று தொடங்கும் வரியே இல்லை.

அபராதத் தொகையைக் கேட்டு வங்கிக்குத் தனியாகப் புகார் எழுதினேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் போடலாம். அது வரை போகவேண்டி வரவில்லை, 590 ரூபாய் திரும்ப வந்தது. ஏப்ரல், மே, ஜூலை மாதங்களில் போன 2,697 ரூபாயைக் கம்பெனியிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று கவனியுங்கள். யூபிஐ ஆட்டோபே மூலம் கொடுத்த அனுமதி என்றால் கிளைக்கு அலைய வேண்டாம், அந்தச் செயலியிலேயே ஆட்டோபே பகுதியில் ரத்து செய்யலாம். என்னுடையதைப் போலக் கணக்கு எண்ணைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டது அங்கே தெரியாது. அதற்கு வங்கிக்குத்தான் போக வேண்டும்.