சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: நான்கு வெல்கம் போனஸ்களின் நிஜ மதிப்பு

ஆன்லைன் கேசினோக்கள் புதிதாகச் சேர்பவருக்கு நீட்டும் வெல்கம் போனஸ் பெரும்பாலானவற்றில் ஒரு வரி ஒளிந்திருக்கும்: இத்தனை மடங்கு ஆடி முடித்த பிறகே பணத்தை எடுக்கலாம். இதைத்தான் வேஜரிங் என்கிறார்கள். பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தை விட்டுவிட்டு இந்த வரியை மட்டும் வைத்து நான்கு சலுகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், தொகைகளை வெறும் எண்ணாகவே சொல்கிறேன். முதல் மூன்றிலும் நாம் போடும் டெபாசிட் 100.

முதல் சலுகை 200% போனஸ். 100 போட்டால் 200 கூடக் கிடைக்கும். வேஜரிங் 40 மடங்கு, அதுவும் டெபாசிட்டையும் போனஸையும் சேர்த்து. இரண்டாவது 100% போனஸ்; வேஜரிங் 35 மடங்கு, போனஸ் தொகைக்கு மட்டும். மூன்றாவது வெறும் 50% போனஸ். 10 மடங்கு, இதுவும் போனஸுக்கு மட்டும். நான்காவது, ஒவ்வொன்றும் 0.20 மதிப்புள்ள 50 இலவசச் சுற்றுகள், வேஜரிங்கே கிடையாது, ஜெயித்ததை அப்படியே எடுக்கலாம். விளம்பரத்தில் கண் போவது முதலாவதன் மேல்தான்.

கணக்குக்கு ஒரு எண் வேண்டும். ஆர்.டி.பி. என்பது வைத்த பந்தயத்தில் ஆடுபவருக்குச் சராசரியாகத் திரும்பிவரும் பங்கு. அது 96% உள்ள ஸ்லாட் என்றால், பந்தயம் வைக்கும் ஒவ்வொரு 100-லும் சராசரியாக 4 கேசினோவிடம் நின்றுவிடும். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ஆனால் ஆட ஆட அந்த 4 விடாமல் கழிந்துகொண்டே இருக்கும். வேஜரிங் என்பது, அந்தக் கழிவைப் போதுமான தடவை நம் பணத்தின் மேல் ஓடவிடும் ஏற்பாடு.

முதல் சலுகையில் கையில் இருப்பது 300. அதை 40 மடங்காக்கினால் 12,000. அவ்வளவுக்குப் பந்தயம் வைத்தால் சராசரி இழப்பு 480. இருப்பதே 300! சீராக ஆடிப்போனால் 7,500 அளவுக்குப் பந்தயம் வைத்ததுமே பணம் தீர்ந்துவிடும். மீதி 4,500-க்கு ஆட எதுவும் இருக்காது. ஒரு சுற்றுக்கு 1 என்று வைத்தால் 12,000 சுற்று. நிமிடத்துக்குப் பத்து சுற்று போனாலும் இருபது மணி நேரம். கெடு ஏழு நாள் என்று போட்டிருந்தால், வேலைக்குப் போய்வந்து தினமும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பொத்தானை அமுக்க வேண்டும். இதற்குப் பேர் பரிசு.

இரண்டாவதில் ஆட வேண்டியது 3,500, இழப்பு 140. கையில் இருந்த 200-ல் மிஞ்சுவது 60. போட்டதோ 100. மூன்றாவதில் ஆட வேண்டியது 500 மட்டுமே, இழப்பு 20. 150-ல் 130 நிற்கிறது. நம் பணம் போக 30 லாபம். நான்காவது சலுகையின் மதிப்பு 10-ல் 96%, அதாவது 9.60. அற்பமாகத் தெரியும் அந்த 9.60, சராசரிக் கணக்கில் முதல் இரண்டையும் தாண்டி நிற்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் எல்லைக்கோடு எளிது. 4% கழிவுள்ள ஆட்டத்தில் போனஸ் தொகையின் 25 மடங்கை ஆடினால் போனஸ் முழுக்கக் கரைந்துவிடும். 100% போனஸில் டெபாசிட்டையும் சேர்த்துக் கேட்டால் அந்த எல்லை 12.5 மடங்காகச் சுருங்கும். "35 மடங்கு" என்று இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று சூதாட்ட ஆணையம் விதி வைத்திருப்பதை இந்தக் கோட்டோடு சேர்த்துப் பார்த்தால் அர்த்தம் புரியும்.

சரி, கழிவு குறைந்த ஆட்டமாகப் பார்த்து ஆடினால்? நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் புத்திசாலித்தனம் காட்டினேன். பிளாக்ஜாக்கைச் சரியான முறைப்படி ஆடினால் கழிவு சுமார் 0.5% தான். ஒரு மாலை முழுக்க ஆடிவிட்டு வேஜரிங் மீட்டரைப் பார்த்தால், முள் அசைந்த மாதிரியே இல்லை. விதிகளைத் திறந்து படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: பிளாக்ஜாக்கில் வைப்பதில் 10% மட்டுமே கணக்கில் சேரும். அந்த விகிதத்தில், இரண்டாவது சலுகையின் 3,500-ஐ முடிக்க 35,000-க்குப் பந்தயம் வைக்க வேண்டும். 0.5% என்றாலும் இழப்பு 175; ஸ்லாட்டின் 140-ஐ விட அதிகம். ஒற்றைப் பூஜ்ய ரூலெட்டில் கழிவு 2.7%, அது 20% கணக்கில் சேரும் என்றால் 17,500 ஆட வேண்டும், இழப்பு 470-ஐத் தாண்டும். இந்த விகிதப் பட்டியல் சும்மா எழுதப்பட்டதல்ல, கழிவு குறைந்த வழியை அடைப்பதற்காகவே எழுதப்பட்டது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். பணம் தீர்ந்தவர் மீதி வேஜரிங்கை ஆடப்போவதில்லையே, அப்படியிருக்க அந்த 480 முழுவதையும் எப்படி இழப்பாகக் காட்டலாம்? நியாயமான கேள்வி. நம் நஷ்டம் ஒருபோதும் டெபாசிட்டான 100-ஐத் தாண்டாது. அது மட்டுமல்ல, சுற்றுக்கு 50, 100 என்று பெரிதாக வைத்தால் பெரும்பாலானோர் சீக்கிரமே காலியாவார்கள். ஆனால் தப்பிப் பிழைக்கும் சிலர் கையில், வேஜரிங்கை முடித்தும் மிஞ்சும் அளவுக்குத் தொகை சேரும். காலியானவர்கள் மேற்கொண்டு ஆடாததால் மொத்தக் கழிவும் குறையும். அப்படி ஆடினால் மோசமான போனஸ்கூடச் சராசரியில் லாபமாக மாறலாம்.

கேசினோவுக்கு இது தெரியாதா என்ன? போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு சுற்றுக்கு 5-க்கு மேல் வைக்கக் கூடாது என்ற மாதிரி விதி பல இடங்களில் இருப்பது இதனால்தான். தெரியாமல் ஒரே ஒரு சுற்றில் 6 வைத்தாலும் ஜெயித்தது அத்தனையையும் ரத்துசெய்ய விதி இடம் கொடுக்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில் திரையில் எச்சரிக்கை எதுவும் வராது. பணம் எடுக்கக் கேட்கும்போதுதான் பழைய பதிவைத் தோண்டுவார்கள். சில இடங்களில் எடுக்கக்கூடிய தொகைக்கே உச்சவரம்பு இருக்கும். அப்போது பிழைத்த அந்தச் சிலரின் பெரிய தொகையும் வெட்டப்படும்.

96% என்பதும் உறுதியான எண் அல்ல. ஒரே ஸ்லாட் பல ஆர்.டி.பி. அளவுகளில் வருகிறது, எதை ஓடவிடுவது என்பது கேசினோவின் தேர்வு. ஆட்டத்துக்குள் இருக்கும் தகவல் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்க்கலாம். அது 94% என்றால் 25 மடங்கு எல்லை 17-க்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த நான்கில் எனக்குத் தேறுவது மூன்றாவதுதான். அதிலும் விதிகளில் இன்னும் ஒரு இடத்தைப் பார்த்த பிறகே சொல்வேன்: போனஸ் தொகை நம்மோடு வருமா, அல்லது பணம் எடுக்கும்போது திரும்பப் பிடித்துக்கொள்வார்களா? பின்னது என்றால், மிஞ்சிய 130-ல் 50 போய்விடும். கைக்கு வருவது 80.