நட்பு முதலா, வயது முதலா? குழந்தைகள் முகாமில் அறை ஒதுக்கும் இரண்டு முறைகள்

இரவு தங்கும் முகாமுக்கு அறை பிரிக்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, விண்ணப்பத்தில் பிள்ளைகள் எழுதிய தோழர் பெயர்களைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக அறையில் போட்டுவிட்டு, மிச்சமுள்ள படுக்கைகளை வயது பார்த்து நிரப்பும். இன்னொரு கட்சி முதலில் வயதுப்படி பிரிக்கும், அந்த எல்லைக்குள் முடிந்தவரை தோழர்களைச் சேர்க்கும். நான் முதல் கட்சியிலிருந்து இரண்டாவதற்கு வந்தவன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் பெயர் கேட்டுவிட்டு அப்புறம் குலுக்கினால் எந்தப் பெற்றோரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

ஆண், பெண் பிரிவில் இரண்டு கட்சிக்கும் வேறுபாடு இல்லை. தனித்தனி அறை, அந்தந்தப் பாலினப் பொறுப்பாளர்கள், பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளுடன் இருக்கக்கூடாது என்ற விதி. அண்ணனும் தங்கையும் ஒரே அறை கேட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு, பகல் குழுவில் சேர்த்துவிடலாம். இந்தப் பிரிவில் தனக்கு இடமில்லை என்று உணரும் பிள்ளை வரும்போது என்ன செய்வது என்பதில் என் அனுபவம் குறைவு. முகாமுக்கு முன்பே பிள்ளையிடமும் பெற்றோரிடமும் பேசி முடிவு செய்வது, உடை மாற்றத் தனி இடம் எல்லோருக்குமே வைத்துவிடுவது, காரணத்தை மற்றவர்களிடம் சொல்லாமல் இருப்பது, இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

வயது முதலில் என்பதற்கு எல்லோரும் சொல்கிற காரணம் தூக்கம். எட்டு வயதுப் பிள்ளை விளக்கணைத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சே அப்போதுதான் தொடங்கும், அதுவும் பேய்க்கதையாக இருக்கும். ஆள் கணக்கும் இதில் வருகிறது. அமெரிக்க முகாம் சங்கத்தின் வழிகாட்டுதலில் இரவு தங்கும் முகாமுக்கு 6 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர். எட்டுப் படுக்கை அறையில் தோழமைக்காக எட்டு வயதுப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்தால், அந்த அறைக்கு ஒரு பொறுப்பாளர் போதுமா என்ற கேள்வி வந்துவிடும். அறைக்குள் வயது வித்தியாசம் இரண்டு ஆண்டைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஆனால் என்னை மாற்றியது தூக்கமல்ல. பட்டியல் போட்ட பிறகு நடப்பது. பட்டியல் போடுவது ஓர் இரவு வேலை. அதைக் கடைசி நாள் வரை உடையாமல் காப்பதுதான் பெரிய பாடு. யாருக்காவது காய்ச்சல் வரும், ஒருவர் விலகுவார், காத்திருப்புப் பட்டியலிலிருந்து ஒருவர் நுழைவார். நட்பு முதல் முறை இந்த இடத்தில்தான் இடிகிறது.

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள் 16 பேர், எட்டுப் படுக்கை அறைகள் இரண்டு. இவர்களில் ஐவர் ஒரே பள்ளி. ஆளுக்கு இரண்டு பெயர் எழுதலாம். மீனா எழுதியது கவி, நிலா. கவி எழுதியது மீனா, நிலா. நிலா எழுதியது மீனா, கவி. தாரா எழுதியது மீனா, கவி. இந்து எழுதியது தாரா, மீனா.

நட்பு முதல் முறையில் ஐவரும் ஒரே அறை. எல்லோர் விருப்பமும் நிறைவேறியது போலத் தெரியும். ஆனால் அந்த அறையின் மற்ற மூவர், இரவெல்லாம் அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். ஐவருக்குள்ளும் மீனா, கவி, நிலா மட்டுமே ஒருவரையொருவர் கேட்டவர்கள். தாராவை இந்து மட்டும் கேட்டாள், இந்துவை யாருமே கேட்கவில்லை. முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் மீனா விலகினால் தாரா வீட்டிலிருந்து தொலைபேசி வரும், மீனாவுக்காகத்தானே அனுப்பினோம் என்று. தாரா போனால் இந்துவுக்கு யாருமில்லை. ஒருவர் விலகியதில் மூன்று படுக்கைகள் ஆடுகின்றன.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, எழுதிய இரண்டு பெயரில் ஒருவரையாவது உறுதியாகத் தருவோம் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. மேலே உள்ள பெயர்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். மூவரை இரண்டு அறையாகப் பிரித்தால் ஒருத்தி தனியாகிவிடுவாள், எனவே மூவரும் சேர்ந்தே இருக்க வேண்டும். தாராவுக்கு அந்த மூவரில் ஒருத்தி வேண்டும், அவளும் அங்கே. இந்துவுக்குத் தாராவோ மீனாவோ வேண்டும், அவளும் அங்கே. சுற்றிச் சுற்றி அதே ஐவர் அறைதான். ஒருதலைக் கோரிக்கைக்கும் உறுதி கொடுத்தால், அது சங்கிலியாக எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

அதனால் உறுதி, இருவரும் ஒருவரையொருவர் எழுதியிருந்தால் மட்டும். மூவருக்கு அந்த உறுதி கிடைக்கிறது, ஓர் அறை. தாராவுக்கு இல்லை. எனவே தாரா வீட்டுக்குப் பேசி, இன்னும் ஒரு பெயர் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். இந்து அவளைக் கேட்டிருக்கிறாள் என்பதைச் சொல்வதில்லை. இந்து பெயரையே சொன்னாள் என்றால் மூன்றும் இரண்டுமாக அறைகள் பிரிந்துவிட்டன. வேறு பெயர் சொன்னால் அவர் வீட்டுக்கும் இந்து வீட்டுக்கும் பேச வேண்டியிருக்கும், அதற்கு அரை மணி நேரம். தெரிந்தவர் யாருமில்லாமல் வரும் பிள்ளைகளை ஆளுக்கொரு அறையாகத் தூவாமல் குறைந்தது இரண்டிரண்டு பேராகச் சேர்த்துப் போடுகிறேன். ஓர் அறையில் ஒரே கூட்டத்தவர் பாதிக்கு மேல் போகக்கூடாது. இந்த ஏற்பாட்டில் மீனா விலகினால் கவிக்கு நிலா இருக்கிறாள், தாராவுக்கு இந்து இருக்கிறாள். ஒரு படுக்கைதான் காலி.

இன்னொன்று, எந்தக் கணக்குக்கும் முன்னால் படிக்க வேண்டியது இன்னாருடன் வேண்டாம் என்று பெற்றோர் எழுதிய வரியை. அதற்கு மட்டும் இருதலை விதி கிடையாது, ஒருவர் கேட்டாலே போதும். காரணம் கேட்டுக் குடையவும் வேண்டாம்.

வயதுப் பிரிவின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைதான் என் முறையின் பலவீனம். ஏழு பேர் உள்ள சின்னவர் அறைக்குப் பத்து வயதுப் பிள்ளை ஒன்றை இறக்க வேண்டியிருந்தால், பிறந்த தேதியை மட்டும் பார்த்து இறக்கினால் அது தண்டனை போலத் தெரியும். கீழறையில் இருதலைத் தோழி இருப்பவளாகப் பார்த்து இறக்கினால் சரியாகிவிடும். வகுப்பும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குள் பெரியவர், சிறியவர் என்பது வகுப்பை வைத்துத்தான்.

ஒரே ஓர் இரவு முகாம் என்றாலோ, எல்லோரும் முதல் முறை வீட்டை விட்டு வரும் ஏழு வயதுக்காரர்கள் என்றாலோ, நட்பு முதல் முறையே நல்லது. முதல் இரவு அழுகையைச் சமாளிக்கத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும், அறை உடைவதற்குள் முகாமே முடிந்துவிடும். பதினைந்து வயதுக்கு மேல் எது பொருந்தும் என்று எனக்கு அனுபவமில்லை.

விண்ணப்பத்தில் இப்போது நான் வைக்கும் வரி இது: "மூன்று பெயர் வரை எழுதலாம். அவரும் உங்கள் பெயரை எழுதியிருந்து, வயது வித்தியாசம் இரண்டு ஆண்டுக்குள் இருந்தால், அவர்களில் ஒருவருடனாவது சேர்ப்போம். வேறு யாருடைய பெயரையும் எழுதாமலும் விடலாம்." அறைப் பட்டியலை முன்கூட்டி வீடுகளுக்கு அனுப்புவதில்லை. வந்திறங்கும் அன்று, பைகளை வைக்கப் போகும்போதுதான் சொல்கிறேன்.