பட்டி பார்க்க முடியாமல் திரும்பிய ஆறு வாரங்கள்

கும்பகோணத்துக்கு அருகே எங்கள் பழைய வீட்டின் மாடியில், அப்பா அம்மாவுக்கு வரும் விருந்தினர் தங்குவதற்காக ஓர் அறையும் குளியலறையும் கட்டும் வேலை சென்ற ஆண்டே தொடங்கிவிட்டது. தளம் போட்டு, முட்டுப் பலகை பிரித்து, செங்கல் சுவர் எழுப்பி, நிலைகளையும் நிறுத்திவிட்டதாகத் தங்கையின் கணவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மீதம் இருந்தவை பூச்சு, குழாய், மின் வேலை, டைல்ஸ், வண்ணம் ஆகியவைதாம் என்பதால், பொங்கல் முடிந்த மறுநாள் ஊரில் இருக்கும்படி கனடாவிலிருந்து ஆறு வார விடுப்பில் கிளம்பினேன். 42 நாளில் வண்ணம் அடித்து முடித்து, விளக்கேற்றிவிட்டுத் திரும்பலாம் என்பது என் கணக்கு.

முதல் இரண்டு நாளும் கொத்தனார் இருவரும் சித்தாள் ஒருவரும் காலை ஒன்பது மணிக்கு வந்து, சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, படிக்கட்டு ஓரத்தில் சில்லறை வேலை பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மேஸ்திரியிடம் கேட்டபோது, சுவரில் எலக்ட்ரீஷியன் காடி வெட்டி மின்கம்பிக்கான குழாயைப் பதிக்காமல் பூச முடியாது என்றார். எலக்ட்ரீஷியனைத் தொலைபேசியில் பிடித்தால், கட்டிலும் அலமாரியும் எங்கே வரும், சுவிட்சுப் பெட்டி எந்தப் பக்கம் என்று யாரும் சுவரில் குறித்துக் கொடுக்கவில்லை என்றார். பிளம்பரோ கம்மோடும், தண்ணீரை ஷவருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டரும் வாங்கி வைத்தால்தான் குழாய் போடுவேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தங்கையின் கணவரிடம் கேட்டேன். “நீங்க வந்து பார்த்து முடிவு பண்ணட்டும்னுதான் மச்சான் விட்டு வச்சேன்” என்றார். ஆக, நான்கு பேர் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நின்ற வரிசையின் தலைப்பில் நின்றவன் நான்தான்.

பிளம்பரின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. கம்மோடு கடைசியில் பொருத்தப்படும் பொருள் என்பதால் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அதன் கழிவுவாய் தரையை நோக்கி இறங்குகிறதா, சுவரை நோக்கிப் போகிறதா, தரையில் இறங்குமானால் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து அதன் மையம் எவ்வளவு தூரம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்த அளவு தெரியாமல் குழாயைப் பதித்துவிட்டால், பிறகு கம்மோடைத் தேடி அளவுநாடாவோடு கடை கடையாக ஏறவேண்டும், அல்லது தரையை உடைக்கவேண்டும். டைவர்ட்டரும் அப்படித்தான்: அதன் உடல் சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்காரவேண்டும் என்பது பெட்டியில் உள்ள தாளில்தான் இருக்கிறது. பொருத்தும் வரிசை வேறு, வாங்கும் வரிசை வேறு என்பதை அந்த வாரம்தான் புரிந்துகொண்டேன்.

எட்டாம் நாளுக்குள் கம்மோடும் டைவர்ட்டரும் வந்து சேர்ந்தன. அன்று காலை, கட்டிலின் அகலத்தை நானும் அம்மாவும் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து, சுவிட்சுப் பெட்டிகளைச் சுவரில் குறித்தோம். அதற்கு முந்தின இரவு, நாட்காட்டியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வேலையையும் எழுதி, அதன் பக்கத்தில் “இது தொடங்க எது முடிந்திருக்கவேண்டும்” என்று மட்டும் எழுதினேன். எத்தனை நாள் வேலை என்பதை அதற்குப் பிறகுதான் சேர்த்தேன்.

அறைச் சுவரின் வரிசை இப்படி அமைந்தது: காடி வெட்டி மின்குழாய் பதிக்க இரண்டு நாள், பூச்சுக்கு மூன்று நாள், பிறகு பெயிண்ட் நிறுவனங்கள் புதுப் பூச்சுக்குச் சொல்லும் 28 நாள். இந்த 28 நாளில் முதல் ஏழு நாள் சுவருக்குத் தண்ணீர் காட்டவேண்டும்; எஞ்சியவை அந்த ஈரம் வெளியேறுவதற்கு. அதன்மேல் சுவரை வழவழப்பாக்கும் பட்டி இரண்டு கோட்டுக்கு மூன்று நாள், பிரைமருக்கு ஒரு நாள், வண்ணத்துக்கு மூன்று நாள். மொத்தம் 40. நான் வந்த அன்றே எலக்ட்ரீஷியன் காடி வெட்டியிருந்தால் இரண்டு நாள் கையிருப்போடு முடிந்திருக்கும். நாங்கள் தொடங்கியது எட்டாம் நாள். 12ஆம் நாள் பூச்சு முடிந்தது. 28 நாள் கூட்டினால் 40. விமானம் 42ஆம் நாள். கணக்கு அங்கேயே முறிந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டது டைல்ஸைப் பற்றி. எந்த நிறம், எந்தக் கடை, டைல்ஸ் ஒட்டுபவர் வருவாரா என்று இரவெல்லாம் பேச்சு. உண்மையில் டைல்ஸ் வேலைக்குத்தான் அதிக இடைவெளி இருந்தது, ஏனென்றால் அது சுவர் காயும் அந்த 28 நாளுக்குள்ளேயே அடங்கிவிடும். பிளம்பர் குழாய்களை ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 11ஆம் நாள் கைப்பம்பால் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்தார். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது. ஒரு வளைவில் கசிவு. அறுத்து வேறு போட்டு, மறுநாள் மீண்டும் ஏற்றியபோது முள் அசையவில்லை. அதற்குப் பிறகே 13ஆம் நாள் குளியலறையைப் பூசவிட்டோம். அறைப் பூச்சை இந்தச் சோதனைக்காகக் காத்திருக்க வைக்கவில்லை என்பது நாங்கள் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. இரண்டும் ஒரே கொத்தனார் கையில் இருந்தாலும், நீண்ட வரிசையில் இருந்த அறைதான் முதலில் முடியவேண்டியது. குளியலறைப் பூச்சுக்குத் தண்ணீர் காட்டிய நாட்களிலேயே தரையில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்த்தளக் கூரையில் ஈரத் தடம் வருகிறதா என்று அப்பா தினமும் அண்ணாந்து பார்த்தார். 32ஆம் நாளுக்குள் குளியலறை, அறைத் தரை, தரைக்கு ஏற்பக் கீழே இழைத்துப் பொருத்திய கதவு எல்லாம் முடிந்துவிட்டன.

இருபத்தைந்தாம் நாள்வாக்கில், பத்து நாள் வெயில் அடித்ததே, சுவர் வெளுத்துவிட்டது, பட்டி பார்க்கலாம் என்று மேஸ்திரியே சொன்னார். பெயிண்டர் மறுத்தார். ஒரு பாலிதீன் துண்டை எடுத்துச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, “நாளைக்குக் காலையில பாருங்க சார்” என்றார். காலையில் தாளின் உட்புறத்தில் வியர்வை போல் நீர்த்துளிகள் நின்றன. இந்த ஈரத்தின்மேல் பட்டி வைத்தால் ஆறு மாதத்தில் கொப்பளித்து உதிரும், உப்பு பூக்கும் என்றார். எழுதிய வரிசை, வெட்டியாகக் காத்திருப்பதைக் குறைக்குமே தவிர, சுவர் காய்வதைக் குறைக்காது. பெயிண்டருக்கு அந்த நாட்களில் வேறு வேலை இருந்ததால் அவர் பக்கம் நட்டமில்லை. நட்டம் என்னுடைய விடுப்புக்குத்தான்.

கிளம்பும் அன்று சிமெண்ட் நிறச் சுவர்களுக்கு நடுவே, புதுக் கம்மோடும் பளபளக்கும் டைல்ஸும் கொண்ட அறையில்தான் படுத்திருந்தேன். பட்டி தொடங்கிய நாளன்று தங்கையின் கணவர் ஒரு படம் அனுப்பினார். அதில் சுவரில் பாலிதீன் துண்டு ஒட்டியபடி இருந்தது, உட்புறம் துளி ஒன்றுகூட இல்லை.