பெரம்பூர் வீட்டு நிலுவைக்குப் பின்தேதிக் காசோலைகளும் ஒரு கடிதமும்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது, பெரம்பூரில் அம்மாவின் அடுக்குமாடி வீட்டுக்கான பராமரிப்பு நிலுவையையும் பெயின்ட் செலவில் எங்கள் பங்கையும் தவணையாகச் செலுத்த, வெளிநாட்டில் வாழ்வோர் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நான்கு பின்தேதிக் காசோலைகளைக் குடியிருப்போர் சங்கத்தில் கொடுத்தேன். சங்கச் செயலாளர் பொறுமையாகப் பேசினார். ஆனால், "முதலில் பெயின்ட் பங்கைக் கழித்துக்கொள்கிறோம் சார், பராமரிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்றார். அந்த வார்த்தையால்தான் காசோலைகளுடன் விவரமான கவரிங் லெட்டர் எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெளிவாயிற்று.

ஒருவருக்குப் பல கடன்கள் இருக்கும்போது, இந்தப் பணம் இந்தக் கடனுக்கு என்று அவர் தெரிவித்துக் கொடுத்து, பெறுபவரும் ஏற்றுக்கொண்டால், அதன்படியே வரவு வைக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆவது பிரிவு. தெரிவிக்காமல் விட்டால், 60ஆவது பிரிவின்படி, எந்தக் கடனில் கழிப்பது என்பதைப் பெறுபவரே தீர்மானிக்கலாம். காலாவதியான கடனில்கூடக் கழித்துக்கொள்ளலாம்.

எனவே கடிதத்தில் ஒவ்வொரு காசோலைக்கும் ஒரு வரி எழுதினேன்: 000417, 05-02-2026, ரூ.9,000, 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பராமரிப்பு; 000418, 05-03-2026, ரூ.9,000, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 000419, 06-04-2026, ரூ.9,000, 2026 ஜனவரி முதல் மார்ச் வரை; 000420, 05-05-2026, ரூ.20,000, பெயின்ட் செலவில் எங்கள் பங்கு முழுவதும். மொத்தம் ரூ.47,000. ஏப்ரல் 5 ஞாயிற்றுக்கிழமை என்பதால் மட்டும் ஒரு நாள் தள்ளினேன். "மாதப் பராமரிப்பு" என்று பொதுவாக எழுதினால் எந்த மாதம் என்ற கேள்வி பிறகு எழும்; ஆகவே மாதங்களைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

குறித்த தேதிக்கு முன் வங்கியில் செலுத்த வேண்டாம் என்றும், தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் செலுத்த வேண்டும் என்றும் அடுத்துக் குறிப்பிட்டேன், ஏனெனில் அதற்குப் பின் அந்தக் காசோலை செல்லாது. ஏதாவது ஒன்று திரும்பினால், அதற்கு நேரே எழுதிய நிலுவை மட்டுமே தீராததாகக் கருதப்படும் என்ற வரியையும் சேர்த்தேன். எண்களைக் காசோலையைப் பார்த்தே எழுதி, உரக்கப் படித்து ஒப்பிட்டோம். ஓர் இலக்கம் பிசகினால் கடிதம் வேறு காசோலையைப் பற்றியதாகிவிடும்.

இரண்டு பிரதிகள் எடுத்திருந்தேன். செயலாளர் ஒன்றைத் தம் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றொன்றில் "நான்கு காசோலைகள் பெறப்பட்டன, பணமானால் மட்டும் வரவு" என்று எழுதி, தேதியுடன் கையொப்பமும் சங்க முத்திரையும் இட்டார். அந்த நிபந்தனை நியாயமானதே. பிப்ரவரியில் முதல் காசோலை பணமானதும் வாட்ஸ்அப்பில் வந்த ரசீதில், காசோலை எண்ணோடு "ஜூலை–செப்டம்பர் 2025 பராமரிப்பு" என்றே இருந்தது.