கேரள லாட்டரியும் வாட்ஸ்அப் ஏஜென்டும்: சீட்டு யார் கையில் இருக்கிறது?

ஓணம் நெருங்கும்போது மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். திருவோணம் பம்பர், முதல் பரிசு 25 கோடி, ஜிபேயில் பணம் போட்டால் உங்கள் பெயரில் சீட்டு எடுத்து போட்டோ அனுப்புகிறோம் என்று இருக்கும். கூடவே "அரசு அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் ஏஜென்ட்" என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேரள அரசு லாட்டரிக்கு ஆன்லைன் விற்பனையே கிடையாது. 1967-ல் தொடங்கிய நாளிலிருந்து அது காகிதச் சீட்டுதான். லாட்டரித் துறையின் statelottery.kerala.gov.in தளத்தில் குலுக்கல் முடிவைப் பார்க்கலாம், சீட்டு வாங்க முடியாது. உரிமம் பெற்ற ஏஜென்டுகள் உண்டு, ஆனால் அவர்கள் கேரளத்துக்குள் கையில் சீட்டைக் கொடுத்து விற்பவர்கள். தமிழ்நாட்டிலோ 2003 ஜனவரி முதல் எல்லா லாட்டரி விற்பனைக்கும் தடை. ஆகவே திருவாரூரில் உட்கார்ந்துகொண்டு கேரளச் சீட்டை ஆன்லைனில் வாங்கினேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய சீட்டு வேறு யாரோ ஒருவர் கையில் இருக்கிறது, அல்லது சீட்டே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ரூபாய் பம்பர் சீட்டுக்கு ஏஜென்ட் 600 கேட்கிறார், நூறு ரூபாய் அவருடைய சேவைக்கு. பணம் போனதும் சீட்டின் போட்டோ வருகிறது. எழுத்து, எண், முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. சீட்டு உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதே போட்டோவைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் 6,000 ரூபாய் சேர்ந்துவிடும், அவர் செலவழித்தது 500 மட்டும். விழாத சீட்டை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பம்பரில் பெரும்பாலான சீட்டுகள் விழாதவை என்பதால் இந்த ஏமாற்று வெளியே தெரியவே தெரியாது. ஆயிரம், ஐயாயிரம் விழுந்தால் நல்ல பெயருக்காக அவரே பத்துப் பேரில் ஒருவருக்குப் பணம் அனுப்பிவிடுவார். அந்த ஸ்கிரீன்ஷாட்தான் அடுத்த வருடத்துக்கு அவருடைய விளம்பரம். "எங்க மாமாவுக்குப் பணம் வந்துச்சு" என்று ஊரில் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய தொகை விழுந்தபோது அதே ஏஜென்ட் என்ன செய்வார் என்பதற்கு மட்டும் அது சாட்சி ஆகாது.

பெரிய தொகை விழும்போது சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதே எல்லாமும். பரிசு கேட்பவர் அசல் சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாளச் சான்று, பான் அட்டை, புகைப்படங்களோடு குலுக்கல் நாளிலிருந்து 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். உங்கள் போனில் இருக்கும் படத்தை எந்த லாட்டரி அலுவலகமும் வாங்காது. ஏஜென்ட் சீட்டின் பின்னால் உங்கள் பெயரை எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாலும் அது பாதுகாப்பு இல்லை. எழுதியது உண்மைச் சீட்டில்தானா, அதன் நகலிலா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிலத்துக்குப் பணம் நீங்கள் கொடுத்துப் பத்திரத்தை இன்னொருவர் பீரோவில் வைத்த கதைதான் இது.

நேர்மையான ஆள் என்றே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. 2023 திருவோணம் பம்பரின் 25 கோடி தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேருக்கு விழுந்தது. சீட்டு கேரள எல்லையில் உள்ள வாளையாரில் விற்றது. அது தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்ற சீட்டு என்று புகார் போக, லாட்டரித் துறை விசாரணையில் இறங்கியது. அசல் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே இந்த அலைச்சல். போட்டோவை மட்டும் வைத்திருப்பவர் அந்த விசாரணையில் என்ன காட்டுவார்?

இதைவிட மோசமானது சீட்டே இல்லாத வகை. கேரள லாட்டரி பெயரில் போலிச் செயலிகளும் இணையப் பக்கங்களும் வந்தன, கேரளப் போலீஸே எச்சரிக்கை விட்டது. சின்னத் தொகை கட்டினால் போலிச் சீட்டு வரும், மறுநாள் போலி முடிவு வரும், உங்களுக்கு ஐந்து லட்சம் விழுந்ததாகப் போன் வரும். அப்புறம் ஜிஎஸ்டி, வருமான வரி, ரிசர்வ் வங்கிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கட்டச் சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரே விஷயம் தெரிந்தால் போதும்: உண்மையான பரிசில் வரியை நீங்கள் முன்கூட்டிக் கட்டுவதே இல்லை, அரசே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். 25 கோடியில் சீட்டை விற்ற உரிமம் பெற்ற ஏஜென்டின் கமிஷன் 10 சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி போகும். மீதி 22.5 கோடியில் 30 சதவீதம் வருமான வரிக்காக, 6.75 கோடி போகும். இந்தப் பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது 15.75 கோடி. பரிசு வாங்க முதலில் பணம் அனுப்பு என்று கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடலாம்.

சரி, அதிகாரபூர்வமாக ஆன்லைனில் லாட்டரி விற்கும் இடம் எப்படி இருக்கும்? டெல்டாவிலிருந்து சிங்கப்பூர் போய் வேலை பார்ப்பவர்களுக்கு அது தெரியும். சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் டோட்டோ, 4டி என்ற இரண்டு எண் லாட்டரிகளையும் 2016 முதல் ஆன்லைனிலும் விற்கிறது. கணக்கு உங்கள் சொந்த அடையாள எண்ணில் திறக்கப்படும், 21 வயது ஆகியிருக்க வேண்டும், செலவுக்கு வரம்பு வைக்க வேண்டும். நீங்கள் கட்டிய எண் உங்கள் கணக்கில் பதிவாகும், விழுந்தால் பணம் அந்தக் கணக்குக்கே வரும். நடுவில் சீட்டை வைத்துக்கொள்ள ஆளே இல்லை. அங்கேயும் தங்குமிடத்தில் எண் எழுதி வாங்கும் ஆட்கள் உண்டு. அவர்களிடம் கட்டுவது பணத்தை இழக்கும் விஷயம் மட்டுமல்ல. உரிமம் இல்லாதவரிடம் சூதாடினால் ஆடியவருக்கே பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடன் வாங்கி வேலைக்குப் போன பையனுக்கு அது தாங்காது.

இதைக் கேட்டு ஊரில் இருப்பவர், "தம்பி, என் பேருக்கும் ஒண்ணு கட்டு, பணம் அனுப்பிவிடுறேன்" என்று சொல்வதும் நடக்கிறது. இங்கிருந்து லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது அந்நியச் செலாவணி விதிகளில் நேரடியாகத் தடை செய்யப்பட்டது. வெளிநாட்டு ஜாக்பாட்டுக்கு இந்தியாவிலிருந்தே சீட்டு வாங்கித் தருவதாகச் சொல்லும் இணைய ஏஜென்டுகளுக்கும் இதே பதில்தான்.

ஆகவே ஊரில் இருப்பவருக்குக் கேரளச் சீட்டு வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும். அங்கே வேலையாகப் போகிறவர் கடையில் வாங்கி, உடனே பின்பக்கம் தன் கையெழுத்தைப் போட்டு, சீட்டைத் தானே வைத்துக்கொள்ளட்டும். ஒரு சீட்டுக்காகத் தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறுவது கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். கட்டுப்படியாகாததை வாங்காமல் இருக்கலாம் என்பதே என் கருத்து.

ஏஜென்டிடம் ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. தடை செய்த சீட்டை வாங்கியதால் நம்மையே பிடிப்பார்களோ என்ற பயம். ஏஜென்டுகளின் துணிச்சலுக்கு இந்தப் பயம்தான் முதலீடு. ஏமாந்தது தெரிந்ததும் 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு. பரிவர்த்தனை எண், ஏஜென்டின் யுபிஐ முகவரி, வாட்ஸ்அப் உரையாடல், அவர் அனுப்பிய சீட்டின் படம் நான்கையும் அழிக்காமல் வைத்திருங்கள்.