புதையல் காசு என்று வருபவனை நம்பாதீர்கள், எனக்கு 3,40,000 ரூபாய் போச்சு

ஓசூர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகப் படியுங்கள். 3,40,000 ரூபாய்! எழுதும்போதே வயிறு எரிகிறது.

ஆள் முதலில் வந்தது பீடி வாங்கத்தான். கால்வாய் தோண்டும் வேலை என்றான், வாய்க்கு வாய் அண்ணே. நன்றாகப் பழகிய பிறகு, கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மண் ஒட்டிய துணி முடிச்சை அவிழ்த்து ஒரு காசைக் காட்டினான். பள்ளத்தில் ஒரு செம்பு நிறையக் கிடைத்ததாம், மேஸ்திரிக்குத் தெரிந்தால் பிடுங்கிக்கொள்வானாம், நகைக்கடைக்குப் போனால் இவன் கோலத்தைப் பார்த்தே போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

நம்ப வைத்தது எது தெரியுமா? அன்றைக்கு அவன் பணமே கேட்கவில்லை. கட்டிங் பிளேயரால் என் கண் முன்னாலேயே காசில் ஒரு ஓரத்தை வெட்டி, "எந்தக் கடையில வேணும்னாலும் காட்டிட்டு வாங்கண்ணே" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அடகுக் கடையில் உரைத்துப் பார்த்து 91 டச் என்றார்கள், அதாவது 22 கேரட். அது நிஜத் தங்கமேதான். ஒரு கிராம்கூட வராத அந்தத் துண்டுதான் இந்தக் களவாணியின் முதலீடு.

அப்புறம் 400 கிராம் என்று பேச்சு, மார்க்கெட் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏரிக்கரையில், இருட்டும் நேரத்தில் கைமாற்றம். பைக்குள் கைவிட்டு அவனே ஒரு காசை எடுத்து உரைத்துக் காட்டினான், அதற்குள் கூட வந்தவன் "யாரோ வர்றாங்க" என்றான், பணத்தோடு இருவரும் பைக்கில் பறந்துவிட்டார்கள். மறுநாள் அதே அடகுக் கடையில் ஆசிட் சொட்டு விட்டதும் பச்சையாக நுரைத்தது. அத்தனையும் பித்தளை.

போன் ஸ்விட்ச் ஆஃப். அடகுக் கடைக்காரர், "நீங்க கொண்டு வந்ததைத்தானே பார்த்தேன்" என்கிறார். ஸ்டேஷனில், "புதையல் வாங்கப் போனீங்களா? 1878-ம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும், உங்க மேலயே கேஸ் வரும், யோசிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். 10 ரூபாய்க்கு மேல் புதையல் எடுத்தவன் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே புதையலே இல்லையே, பித்தளைக்கு எந்தச் சட்டம்? இந்தப் பயத்தில் ஏமாந்தவன் வாயைத் திறக்க மாட்டான் என்பதுதான் அவர்களுடைய தைரியம். 3,40,000 ரூபாயை விட்டுவிட்டு நான் எதை யோசிப்பது?

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவன் எடுத்துத் தரும் காசை உரைக்காதீர்கள். மொத்தப் பையையும் எடை போட்டு, தண்ணீர் முட்ட நிரப்பிய பாத்திரத்தில் கொட்டச் சொல்லுங்கள். 22 கேரட் 400 கிராம் என்றால் வழிவது சுமார் 23 மில்லிதான், பித்தளை என்றால் 47 வரும். அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான், அங்கேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் எழுத்தில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள்.